விடுமுறை அறிவிப்பில் இல்லாத ஒரு வரி

“பொங்கலை முன்னிட்டு எங்கள் அலுவலகம் ஜனவரி 15 முதல் 18 வரை இயங்காது. 19ஆம் தேதி திங்கட்கிழமை முதல் வழக்கம்போல் செயல்படும். அவசரத் தேவைகளுக்குக் கீழ்க்கண்ட எண்ணில் தொடர்புகொள்ளவும்.” 2026 தைப் பொங்கலையொட்டி, தேதியிலும் பெயரிலும் மட்டும் சிறு மாற்றத்தோடு, தமிழ்நாட்டில் எத்தனையோ அலுவலகங்களின் வாசலில் இப்படி ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். மூடும் நாள், திறக்கும் நாள், ஓர் எண் என மூன்றே தகவல்கள். எழுதியவருக்கு வேலை முடிந்தது. படிப்பவருக்கும் வேறு கேள்வி எழுவதில்லை.

இந்த மூன்று தகவல்களும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்தது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பணம் களவாடப்பட்டபோது அது நடந்தது. கணினிக்குள் நுழைந்து நடத்திய கொள்ளை என்றே அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் அது பாதிதான் கணினிக் கதை. மறுபாதி, மூன்று ஊர்களின் விடுமுறைகளை அருகருகே வைத்துப் பார்த்துத் தீட்டப்பட்ட திட்டம்.

வங்கதேசத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நியூயார்க்கில் சனியும் ஞாயிறும். ஆக, டாக்காவும் நியூயார்க்கும் ஒரே நாளில் வேலை செய்வது வாரத்தில் நான்கு நாட்கள்தான். அந்த நாட்களிலும் பதினொரு மணி நேர வித்தியாசம் குறுக்கே நிற்கிறது. டாக்காவில் கதவைச் சாத்தி வீட்டுக்குப் போன பிறகுதான் நியூயார்க்கில் காலைக் காபி. பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு, டாக்கா ஊழியர்கள் கிளம்பிவிட்ட நேரத்தில், அந்த வங்கியின் ஸ்விஃப்ட் முனையத்திலிருந்து நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணப்பரிமாற்ற உத்தரவுகள் போயின. மொத்தத் தொகை ஏறக்குறைய 95 கோடி டாலர். உத்தரவு போட்டவர்கள் திருடர்கள். போன வழி மட்டும் அசல்.

பெரும்பாலானவை நியூயார்க்கிலேயே தடைபட்டன. ஐந்து நிறைவேறின. அவற்றில் ஒன்று, 2 கோடி டாலர், இலங்கையில் ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்குப் போனது. பெயரில் இருந்த எழுத்துப்பிழை இடையில் இருந்த வங்கியின் கண்ணில் பட, பணம் திரும்பி வந்தது. மற்ற நான்கும் சேர்ந்து 8.1 கோடி டாலர், பிலிப்பைன்ஸின் ரிசால் கமர்ஷியல் வங்கியில், மக்காட்டி நகரின் ஜூபிடர் தெருக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கென்றே அங்கே 2015 மே மாதத்தில், கணக்குக்கு 500 டாலர் போட்டு, போலிப் பெயர்களில் கணக்குகள் திறந்து காத்திருந்தார்கள்.

இனி நாட்காட்டியைப் பார்ப்போம். சில உத்தரவுகளில் சந்தேகம் வந்து நியூயார்க் விளக்கம் கேட்டு எழுதியது. எழுதியபோது டாக்காவில் வெள்ளிக்கிழமை; படிக்க ஆளில்லை. அன்று எட்டிப் பார்த்தவர்களுக்கும் விஷயம் தெரியவில்லை. ஸ்விஃப்ட் செய்திகளைத் தானாக அச்சடித்துத் தள்ளும் அச்சு இயந்திரம் முடங்கிக் கிடந்தது. இயந்திரம் என்றால் மக்கர் செய்யத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். சனிக்கிழமை அதைச் சரிசெய்து பார்த்தபோதுதான் நியூயார்க்கின் கேள்விகள் தெரியவந்தன. உடனே எல்லாப் பரிமாற்றத்தையும் நிறுத்தச் சொல்லி மின்னஞ்சல், தொலைபேசி, தொலைநகல் என்று கையில் இருந்த எல்லா வழியிலும் முயன்றார்கள். ஃபெடரல் ரிசர்வின் இணையதளத்தில் கண்ட எண்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. நியூயார்க்கில் அது சனிக்கிழமை. அந்த எண்களின் மறுமுனையில் வாரக் கடைசியில் எவரும் இல்லை.

ஒரு நாட்டின் கையிருப்பைப் பாதுகாத்துத் தரும் நிறுவனத்தைக்கூட அவசரத்தில் எட்டுவதற்கு, பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில்தான் எண் தேட வேண்டியிருந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். தொடர்பு எண் இல்லாமல் இல்லை. அது வேலை நாளுக்கான எண்; விடுமுறையில் அடிக்கத்தான் முடியும். இந்தக் களவுக்குப் பிறகுதான் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ், தன்னிடம் கணக்கு வைத்திருக்கும் மத்திய வங்கிகளுக்காக 24 மணி நேர அவசர அழைப்பு வசதியை ஏற்படுத்தியது.

திங்கட்கிழமை, பிப்ரவரி 8. டாக்கா திறந்திருக்கிறது, நியூயார்க்கும் திறக்கப்போகிறது. ரிசால் வங்கிக்குப் பணத்தை நிறுத்தச் சொல்லிச் செய்தி போகிறது. ஆனால் அன்று சீனப் புத்தாண்டு. பிலிப்பைன்ஸில் அரசு அறிவித்த விடுமுறை. வங்கி மூடிக் கிடந்தது.

இந்த இடத்தில்தான் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் அவசரப்படுகிறார்கள். பண்டிகை விடுமுறையால் பணம் போயிற்று என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. அந்தக் கணக்குகளிலிருந்து பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை வெளியேறியது ஏறத்தாழ 2.3 கோடி டாலர்தான். வங்கி மூடியிருந்தபோது திருடர்களாலும் மீதியைத் தொட முடியவில்லை. அதாவது, விடுமுறை முடிந்து 9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கதவு திறக்கும்போது 5.8 கோடி டாலர் அப்படியே உள்ளே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லும் செய்தியும் உள்ளே இருந்தது. அன்று காலை தலைமையகம் செய்தியைக் கண்டு கிளைக்கு அனுப்பியது. அன்றைக்கே பணம் வெளியேறியது. செய்தி முன்னுரிமைக் குறியீடு இல்லாத சாதாரண வடிவில் வந்தது என்று வங்கித் தரப்பு பிறகு வாதாடியது. கிளை மேலாளர் பணமோசடிக் குற்றத்துக்காக 2019இல் தண்டிக்கப்பட்டார். அதற்கு முன்பே, 2016 ஆகஸ்டில், பிலிப்பைன்ஸ் மத்திய வங்கி அந்த வங்கிக்கு 100 கோடி பெசோ அபராதம் விதித்தது. கிளைக்குள் உடந்தை இருந்தது உண்மை. இருந்தாலும், விடுமுறையில் வந்து குவிந்த செய்திகளை யாராவது ஒருவர் கவுன்டர் திறக்கும் முன்பே பிரித்துப் பார்த்து, தலைமையகத்திலிருந்தே அந்தக் கணக்குகளை முடக்கியிருந்தால், உடந்தையாக இருந்தவருக்கு எடுத்துக் கொடுக்கப் பணம் இருந்திருக்காது.

ஆகவே, திறக்கும் தேதியை மட்டும் அறிவிப்பது பாதி அறிவிப்புதான். திறந்த அன்று முதலில் நடப்பது என்ன? வரிசையில் நிற்பவருக்குச் சேவையா, அல்லது நான்கு நாட்களாகக் குவிந்த கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் புகார்களையும் ஒருவர் பார்த்து அவசரமானதைப் பிரிப்பதா? நம் அலுவலகங்களில் பெரும்பாலும் முதலாவதுதான். அஞ்சல்களை வந்த வரிசையிலேயே மேலிருந்து கீழாகப் படித்து, வெள்ளிக்கிழமை வந்த அவசரச் செய்திக்குப் புதன்கிழமை பதில் போடுவார்கள். 9 மணிக்கு அலுவலகம் என்றால் 8 மணிக்கு ஒருவர் வர வேண்டும். இதற்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு மணி நேர மிகைச் சம்பளத்தைத் தவிர.

அடுத்தது, அந்த எண். அவசரத் தொடர்பு என்று நாம் போடுவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மூடிய அறைக்குள் அடிக்கும் தரைவழித் தொலைபேசி, காவலாளியின் கைபேசி, அல்லது அலுவலகத்திலேயே இளையவரான ஒருவரின் எண். மூன்றாமவர் எடுப்பார், பணிவாகப் பேசுவார், “சார்கிட்ட சொல்றேங்க” என்பார். சார் ஊருக்குப் போயிருப்பார். இது தொடர்பு எண்தான், அவசரத்துக்கு உதவாது. எண்ணுக்குரியவரிடம் எதையாவது நிறுத்தவோ திறக்கவோ ஒப்புதல் தரவோ அதிகாரம் இருக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதும் தீர்மானமாகியிருக்க வேண்டும். விடுமுறைக்கு முந்தைய மாலை வெளியிலிருந்து ஒருவர் அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. அதிகாரம் உள்ளவரின் எண்ணை வாசலில் ஒட்டினால், மேலாளர் பேசுகிறேன், உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு என்று மிரட்டும் குரலும் அதே எண்ணுக்கு வரும். ஆகவே தொலைபேசியில் வரும் அழைப்பின் பேரில் நிறுத்தலாம், அனுப்பக் கூடாது. அழைத்தவர் யார் என்பதை, ஏற்கனவே பதிவில் இருக்கும் எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். தவறாக நிறுத்தியதைத் திங்கட்கிழமை சரிசெய்துவிடலாம். தவறாக அனுப்பியதைச் சரிசெய்வது அவ்வளவு எளிதல்ல. வங்கதேசம் களவுபோனதில் சுமார் 1.5 கோடி டாலரை அந்த ஆண்டே திரும்பப் பெற்றது; பெருந்தொகை சூதாட்ட விடுதிகளுக்குள் போய் மறைந்தது.

2016ஐவிட இப்போது நிலைமை ஒருவகையில் கடினம். அன்று மணிலாவில் விடுமுறை திருடனையும் கட்டிப்போட்டது. இந்தியாவில் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குகின்றன. பண்டிகையன்று ஆட்களுக்குத்தான் விடுமுறை. பணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2026 பொங்கலில் தமிழ்நாட்டில் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாட்கள் வங்கிக் கிளைகள் மூடியிருந்தன. அந்த நான்கு நாட்களில் ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து எவரேனும் பணம் எடுத்திருந்தால், கணக்காளர் திங்கட்கிழமை வந்து பார்ப்பதற்குள் அது எத்தனையோ கணக்குகள் மாறியிருக்கும். விடுமுறைக்கு முன் இணையவழிப் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வைப்பதும், குறுஞ்செய்தி எச்சரிக்கை ஊரில் இருக்கும் இரண்டு பேருக்காவது போகும்படி செய்வதும், அறிவிப்பை ஒட்டும் அதே கையால் செய்ய வேண்டிய வேலைகள்.

தனிநபர் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். தன் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மின்னணு மோசடியை, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. அந்தச் சுற்றறிக்கையின்படி அந்த நாட்கள் வாடிக்கையாளரின் கிளையின் வேலை நாட்களைக் கொண்டே எண்ணப்பட்டன. தகவல் வந்த நாள் கணக்கில் சேரவில்லை. இப்படி எண்ணினால் பண்டிகை விடுமுறை கெடுவை நீட்டித் தரும், உண்மைதான். அதை நம்பிக் கிளை திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். கெடு நீளலாம், பணம் நிற்காது. வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கும் இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்கும் உடனே அழையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.