0.58 என்றால் டிரெண்டா?

பங்கு விலை ஒரே திசையில் ஓடுமா, இல்லை சராசரிக்குத் திரும்புமா என்று கேட்டால், பலரும் ஹர்ஸ்ட் எண்ணைக் கணக்கிட்டு நீட்டுகிறார்கள். 0.5க்கு மேல் இருந்தால் டிரெண்ட், கீழே இருந்தால் திரும்பும், சரியாக 0.5 என்றால் குருட்டு நடை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருட விலையை வைத்து 0.58 வந்ததும் "டிரெண்ட் இருக்கிறது" என்று குதிப்பது தவறு.

இந்த எண் சந்தையில் பிறந்ததல்ல. ஹெரால்ட் ஹர்ஸ்ட் நைல் நதியின் நீர்வரத்தை ஆராய்ந்து 1951இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. பிறகு மாண்டல்பிராட் அதை விலைகளுக்குக் கொண்டுவந்தார். ஹர்ஸ்டிடம் பல நூற்றாண்டு நைல் கணக்கு இருந்தது. நம்மவர்களிடம் இருப்பது 250 நாள்!

முறை எளிது. தினசரி ஏற்ற இறக்க சதவீதங்களை (விலையை அல்ல, விலையையே போட்டால் விடை 1க்குப் பக்கத்தில் போய் நிற்கும்) 10 நாள், 20 நாள், 100 நாள் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் சராசரியைக் கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே போனால் வரும் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள இடைவெளி R. அதைத் திட்டவிலக்கம் S ஆல் வகுக்க வேண்டும். துண்டு நீளத்தோடு R/S வளரும் வேகம்தான் ஹர்ஸ்ட் எண்.

சிக்கல் இங்கேதான். வெறும் குருட்டு நடைக்கே, 10 நாள் துண்டில் R/S சராசரியாக 3.02 வரும், 100 நாளில் 11.45. நீளம் பத்து மடங்கானால் R/S √10, அதாவது 3.16 மடங்குதான் ஆக வேண்டும். ஆனால் 3.79 மடங்கு ஆகிறது. அதைச் சாய்வாக மாற்றினால் 0.58! நினைவே இல்லாத தொடரும் அதே எண்ணைத்தான் தரும். சிறிய துண்டுகளால் வரும் பிசகு இது.

ஆகவே ஒப்பிட வேண்டியது 0.5 உடன் அல்ல. அதே 250 சதவீதங்களைச் சீட்டுக்கட்டு போலக் குலுக்கி, ஆயிரம் முறை எண்ணைக் கணக்கிடுங்கள். குலுக்கலில் வரிசை அழிந்துவிடும். ஆயிரத்தில் 950ஐயாவது அசல் எண் தாண்டினால்தான் பேச்சு.

அதற்கும் முன்னால் ஆட்டோகோரிலேஷனைப் பார்ப்பது நல்லது. இன்றைய ஏற்றத்துக்கும் நேற்றைய ஏற்றத்துக்கும் உள்ள ஒட்டுறவு அது. 250 நாளுக்கு அதன் தற்செயல் எல்லை 1.96/√250, அதாவது ±0.124. 0.06 வந்தால் சத்தம்தான். எல்லையைத் தாண்டிவிட்டாலோ வேறு தொல்லை: ஓரிரு நாள் ஒட்டுறவே R/Sஐ ஊதிப் பெருக்கி, நீண்டகால நினைவு போல வேஷம் போடும். ஆண்ட்ரூ லோ 1991இல் இந்த ஊதலைக் கழித்துக் கணக்கிட்டபோது, அமெரிக்கப் பங்குகளில் இருப்பதாகச் சொல்லப்பட்ட நீண்ட நினைவுக்குப் பெரிதாக ஆதாரம் தேறவில்லை.