உம்மாவின் 'அல்ஹம்துலில்லாஹ்'வும் அரசின் படிவமும்

சென்ற ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன், நம் மதரஸா இருக்கும் தெருவைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகனை மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாமுக்கு அழைத்துச் சென்றார். படிவம் நிரப்பத் துணையாக நாமும் சென்றிருந்தோம். மகனுக்கு வயது 22. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். அடையாள அட்டையில் 90 சதவீதம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவனால் உட்கார முடியாது, பேச முடியாது. உம்மாவின் குரல் கேட்டால் மட்டும் சிரிப்பான்.

மருத்துவர் நல்ல மனிதர். பொறுமையாகவே கேட்டார். "சாப்பிடுவாரா?" "ஊட்டினா சாப்பிடுவான் சார்." "இரவில் தூங்குவாரா?" "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத் தூங்குவான்." "உங்களுக்குச் சிரமம் அதிகமா இருக்கா?" "எம் புள்ளய நான் பாக்குறதுல என்ன சார் சிரமம்? அல்லாஹ் கொடுத்த அமானிதம்." மருத்துவர் தலையசைத்துவிட்டு எழுதினார். சில நாள் கழித்து வந்த அறிக்கையில், அன்றாடச் செயல்களுக்குப் பகுதி அளவில் உதவி தேவை என்றிருந்தது.

அந்தத் தாய் பொய் எதுவும் சொல்லவில்லை. மகன் இரவில் தூங்குகிறான் என்பது உண்மை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைப்பதால் தாம் தூங்குவதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. ஊட்டினால் சாப்பிடுகிறான் என்பதும் உண்மை. சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதபடி அவனைத் தம் மார்பில் சாய்த்து நிமிர்த்தி வைத்து, மசித்த உணவைச் சிறு கரண்டியால் ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஊட்டுகிறார் என்பதையும் சொல்லவில்லை. மருத்துவரின் தாளில் ஏறியதெல்லாம் அவர் சொன்னது மட்டுமே.

நம் குடும்பங்களில் இது அரிதான நிகழ்ச்சி அல்ல. துன்பத்தைப் படைப்பினங்களிடம் முறையிடலாகாது, யஃகூப் நபியைப் போல் அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட வேண்டும் என்று சிறுவயது முதல் நாம்தாம் கற்பித்து வந்திருக்கிறோம். கற்பித்தது சரியே. ஆயினும் நோயாளி வைத்தியரிடம் வலி எங்கே என்று காட்டுவதை நம் மார்க்க அறிஞர்கள் முறையீட்டில் சேர்த்ததில்லை. மதிப்பீடு செய்ய அமர்ந்திருப்பவர் கேட்கும் கேள்விக்குச் சொல்லும் பதில் சாட்சியம். சாட்சியத்தில் கூட்டிச் சொல்வது எவ்வாறு குற்றமோ, குறைத்துச் சொல்வதும் அவ்வாறே குறைபாடுடையது. இந்த வேறுபாட்டை நாம் தெளிவாகச் சொல்லித் தராததன் விலையை அந்தத் தாய் கொடுத்தார் என்பதே நம் எண்ணம்.

என்ன விலை என்று புரிய, இரண்டு உதவித்தொகைகளையும் பிரித்தறிய வேண்டும். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கடும் பாதிப்புடையோர், அறிவுசார் குறைபாடுடையோர், தசைச்சிதைவு நோயாளிகள் முதலியோருக்குப் பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2000 ரூபாய் அளிக்கிறது. இது மாற்றுத்திறனாளிக்கு உரியது. வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையும் இதையும் ஒருவரே சேர்த்துப் பெற முடியாது. அடுத்தது, உயர் ஆதரவு தேவைப்படுவோரை உடனிருந்து கவனிக்கும் உதவியாளருக்கான மாதம் 1000 ரூபாய். நம் மக்களில் பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது, சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் வசதி படைத்தவர்களுக்கானது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பாளர் என்ற சொல்லுக்கு விளக்கம் தரும்போது பெற்றோரையும் குடும்பத்தாரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் கவனிப்பவர் பராமரிப்பாளரே. உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வழங்கும் திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு கூறுகிறது. பெற்ற தாயும் அந்த உதவியாளர்தான்.

இங்கே சதவீதம் பற்றி ஒரு சொல். அட்டையில் 90 என்றிருந்தால் எல்லாம் தானே வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சதவீதம், உடலிலோ அறிவிலோ உள்ள குறையின் அளவைச் சொல்வது. அந்த மனிதர் ஒரு நாளைக் கழிக்கப் பிறருடைய கை எத்தனை முறை தேவைப்படுகிறது என்பதை அது சொல்லாது. உயர் ஆதரவு என்பது அந்த இரண்டாவது கேள்வி. அதற்காகவே சட்டத்தின் 38ஆம் பிரிவு தனியாக ஒரு மதிப்பீட்டு வாரியத்தைக் குறிப்பிடுகிறது. குறைந்தது 40 சதவீதச் சான்று பெற்ற எவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். அவரால் இயலாவிட்டால் அவர் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கலாம். ஆகவே ஒரு ஜமாஅத் கூட எழுதிக் கொடுக்கலாம். நம் ஊர் ஜமாஅத் நிர்வாகிகளிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. உண்மையில் நமக்கும் இது அண்மையில்தான் தெரிந்தது.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்த பின், அந்தத் தாயிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டோம். மூன்று நாள்களுக்கு, மகனுக்குச் செய்யும் ஒவ்வொன்றையும் மணி குறித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்றோம். அவருக்கு எழுத வராது. மதரஸாவில் ஓதும் அவருடைய இளைய மகள் எழுதினாள். ஃபஜ்ருக்கு முன் டயப்பர் மாற்றியது, உடல் துடைத்தது, இறுகிய கை கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தது, வலிப்பு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தது, மதியம் ஒருமுறை வலிப்பு வந்தது, எச்சில் வழிந்து நனைந்த சட்டையை நான்கு முறை மாற்றியது, இரவு 11, 1, 3 மணிகளுக்குப் புரட்டியது என்று மூன்று நாள் கணக்கு பத்துப் பக்கம் வந்தது. முதல் நாள் பக்கத்தின் அடியில் அந்தச் சிறுமி, "உம்மா லுஹர் தொழுகையை இரண்டு முறை விட்டுவிட்டுப் பிறகு தொழுதார்கள்" என்று எழுதியிருந்தாள். அதை நாம் அழிக்கச் சொல்லவில்லை.

இந்த நோட்டோடு, வலிப்புக்கான மருந்துச்சீட்டுகளின் நகலையும் எடுத்துச் சென்றோம். இந்த முறை அந்தத் தாய் அதிகம் பேசவில்லை. நோட்டை நீட்டினார். படித்தவர்கள் கேட்ட கேள்விகளும் வேறாக இருந்தன. "நீங்கள் ஒரு மணி நேரம் வெளியே போனால் யார் பார்ப்பார்கள்?" என்று ஒருவர் கேட்டார். "போனதில்ல" என்றார். உயர் ஆதரவு தேவை என்று அறிக்கை வந்தது. அதன் பின்னும் தொகை உடனே வரவில்லை. ஒப்பளிப்பு ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச்சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரவில்லை.

இப்போது அந்த வீட்டுக்கு மாதம் 3000 ரூபாய் வருகிறது. செலவைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு மூன்று டயப்பர், ஒன்று 30 ரூபாய் என்றால் மாதத்துக்கு 2700. மீதி 300 ரூபாயில் மருந்து, ஆட்டோ, பால் எல்லாம் அடங்க வேண்டும். உதவியாளருக்கென்று தரப்படும் 1000 ரூபாயை 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 33 ரூபாய். இரவில் மூன்று முறை விழித்தெழும் ஒருவருக்கு இது ஊதியம் ஆகாது. தருவதற்காக அரசைப் பாராட்டுகிறோம். தருவது போதாது என்றும் சொல்கிறோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

இந்தக் கணக்கை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசுப்பணம் வருகிறது என்று தெரிந்ததும், பைத்துல்மால் பட்டியலிலிருந்து அந்தக் குடும்பத்தின் பெயரை எடுத்துவிடலாமா என்று நம் ஜமாஅத்தில் பேச்சு எழுந்தது. ஸகாத்தின் தகுதி, வருமானம் ஒன்று இருக்கிறதா என்பதைப் பார்ப்பதன்று. இருக்கும் வருமானம் அவசியத் தேவைக்குப் போதுமா என்று பார்ப்பது. வருமானம் இருந்தும் தேவை நிறைவேறாதவரையே நம் ஃபிக்ஹ் நூல்கள் மிஸ்கீன் என்று விளக்குகின்றன. 300 ரூபாய் மீதியைப் பார்த்தபின் அந்தப் பேச்சு அடங்கியது.

அரசிடம் வாங்கினால் நன்மை குறைந்துவிடுமோ என்று தயங்கும் உறவினர்களும் உண்டு. அவர்களுக்கு வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், தொழுநோயாளிகளுக்குத் தொகை நிர்ணயித்து அவர்கள் கையேந்துவதைத் தடுத்தார் என்றும், நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் அளித்தார் என்றும் தபரீ பதிவு செய்கிறார். வலீதின் ஆட்சியில் நாம் குறை சொல்ல வேண்டியவை பல உண்டு. ஆனால் உதவியாளருக்கான செலவு அரசுக் கருவூலத்தைச் சேர்ந்தது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. மகனுக்கு 18 வயது கடந்துவிட்டதால், சட்டத்தின் பார்வையில் தாய் இப்போது அவனுடைய காப்பாளர் அல்லர். அவன் பெயரிலுள்ள கணக்கில் பணம் எடுக்க வங்கியில் கேள்வி எழுகிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டபூர்வக் காப்பாளர் சான்று பெறலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு அதை வழங்குகிறது. பெற்றோரே விண்ணப்பித்தாலும் சான்று தேவை. 18 நிறைந்த உடனேயே இதைச் செய்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.

படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, இது கையில் கிடைத்தபின் தமக்குப் பிறகு வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று அந்தத் தாய் கேட்டார். காப்பாளர் இறந்தாலோ இயலாமல் போனாலோ குழுவிடம் மறுபடி விண்ணப்பித்து வேறொருவரை நியமிக்கலாம் என்றோம். அவர் இளைய மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு 13 வயது. நோட்டின் புதிய பக்கத்தில் அன்றைய தேதியை எழுதிக்கொண்டிருந்தாள்.