பையும் முதுகும் ஒன்றல்ல: ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் எழுதுவதை நிறுத்துவோம்



இதை வாசித்துவிட்டு எங்கள் சக ஆசிரியர்கள் சிலர் கோபிக்கலாம். பெற்றோரும் கோபிக்கலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

தரம் 6 வகுப்பைப் பார்க்க அதிகாரி ஒருவர் வந்திருந்தார். ஒரு பிள்ளை எழும்பி, தன் பை கிழிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னது. அவர் காதில் விழுந்ததோ, "என் முதுகு கிழிந்துவிட்டது". டொக்டரிடம் போகவில்லையா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிள்ளை அன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

பிழை பிள்ளையுடையதா? அதன் கொப்பியைத் திறந்து பாருங்கள். பைக்கும் 'பேக்', முதுகுக்கும் 'பேக்'. கிரிக்கெட் மட்டைக்கும் 'பேட்', மெதுவாகத் தட்டுவதற்கும் 'பேட்'. எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். "தமிழில எழுதிப் போடுங்க டீச்சர்" என்று வட்ஸ்அப்பில் கேட்டவர்கள் நீங்கள்.

தமிழில் 'ப' ஒன்றுதான். 'பழம்' என்னும்போது ஒரு ஓசை, 'தம்பி' என்னும்போது வேறொரு ஓசை. இரண்டையும் எங்கள் வாய் பிழையில்லாமல் சொல்கிறது. எந்த இடத்தில் எது வரும் என்பதை இடமே தீர்மானிப்பதால் காது அதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். சிங்களத்தில்கூட இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆகவே பிள்ளைக்கு ஓசை வராமல் இல்லை. இரண்டும் வேறு என்று யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் என்ன செய்கிறோம்? "தொண்டையில் கை வை, அதிர வேண்டும்" என்கிறோம். அது பாதி உண்மை. சொல்லின் தொடக்கத்தில் ஆங்கிலக் காது முதலில் தேடுவது காற்றை. பேனையின் 'பீ'யில் தொடங்கும் சொல்லில் உதடு திறந்ததும் ஒரு மூச்சு வெடித்து வர வேண்டும். பந்தின் 'பீ'யில் அது வராது.

ஒரு மெல்லிய கடதாசித் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்து 'பழம்' என்று சொல்லுங்கள். அது அசையாது. அதே வாயோடு ஆங்கிலத்தில் பேனை என்றால், கேட்பவர் பந்தின் 'பீ' என்றே நினைப்பார். கடதாசி துள்ளும்வரை ஊதிச் சொல்லப் பழக்குங்கள். ஆனால் 'ஸ்போர்ட்ஸ்' போல முன்னால் 'ஸ்' வந்தால் அந்தக் காற்று வேண்டாம். பந்தின் 'பீ'க்கு 'தம்பி'யே போதும். 'ம்ம்பி' என்று தொடங்கி, 'ம்'மைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுங்கள்.

சொல்லின் முடிவில் விஷயம் வேறு. அங்கே காற்றல்ல, உயிரோசையின் நீளம்தான் காட்டிக்கொடுக்கும். பை என்னும் சொல்லில் நடு ஓசை, முதுகில் உள்ளதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளும். 'பே…க்' என்று இழுத்து மெதுவாக முடித்தால் பை. சட்டென்று வெட்டினால் முதுகு. கடைசியில் 'உ' சேர்த்து 'பேக்கு' என்றால் பை தொலைந்தது. தமிழில் 'க்க' இரட்டித்தால் எப்போதும் வல்லோசைதான், அதனால் முதுகு மட்டும்தான் மிஞ்சும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது முடியாது என்று சொல்லாதீர்கள். ஐந்து வயதிலேயே ஓதப் போய் 'தா'வையும் 'தால்'ஐயும் பிரித்துச் சொல்கிறார்கள். சூரத்துல் இக்லாஸின் நான்கு ஆயத்துகளும் 'தால்'இல்தான் முடிகின்றன. அந்த முடிவை 'தா'வாக மாற்றினால் ஹஸ்ரத் விடுவாரா? திரும்பத் திரும்ப ஓதவைத்துத் திருத்துவார். மத்ரஸாவில் எழுத்தின் உச்சரிப்பைக் காதால் கேட்டுப் பழகிய அதே பிள்ளைக்கு, பாடசாலையில் நாங்கள் தமிழ் எழுத்தை ஊன்றுகோலாகக் கொடுக்கிறோம். ஒன்று மட்டும் கவனம்: 'தால்' முடிவில் வரும் கல்கலாத் துள்ளலை ஆங்கிலத்துக்குக் கொண்டு போகக் கூடாது.

அந்தப் பிள்ளைக்குப் பிறகு நாங்கள் செய்தது இதுதான். புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு இரண்டு சொற்களில் ஒன்றைச் சொன்னோம். பை என்றால் பையைத் தொட வேண்டும், முதுகு என்றால் முதுகைத் தொட வேண்டும். முதல் நாள் பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள். நீளத்தைக் கேட்கச் சொன்ன பிறகுதான் கை சரியாகப் போகத் தொடங்கியது. பத்துத் தடவையில் ஒன்பது சரியாகத் தொடும்வரை எவரையும் சொல்லச் சொல்லவில்லை. காது பிரிக்காததை வாய் எப்படிப் பிரிக்கும்? பிறகு இடம் மாற்றினோம். பிள்ளை சொன்னது, நாங்கள் தொட்டோம். நாங்கள் முதுகைத் தொட்டால், தான் வெட்டிச் சொன்னது பிள்ளைக்கே விளங்கியது.

ரியூஷன் வகுப்புகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் எழுதிக் கொடுக்காதீர்கள். பெற்றோரே, எழுதித் தரும்படி கேட்காதீர்கள். கொப்பியில் நாங்கள் ஒன்றாக்கியதை வாயில் பிரிக்கவில்லை என்று பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு உரிமை இல்லை.