டேப்பட் சத்தம் நின்றது... பிக்கப்பும் போனது!

“என்னிடம் 100 சி.சி பைக் இருக்கிறது. காலை, மாலை இரண்டு வேளையும் பால் கேன் கட்டி சொசைட்டிக்குப் போய் வருகிறேன். எஞ்சின் ஹெட் பக்கம் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்ததால், வழியில் இருந்த ஒரு பட்டறையில் டேப்பட்டை டைட் வைத்தார்கள். சத்தம் நின்றுவிட்டது. ஆனால், இரண்டு மாதங்களாக மேட்டில் வண்டி இழுக்கவில்லை. காலையில் பத்து உதை உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சத்தமே இல்லாத எஞ்சினில் என்ன கோளாறு?”

– தர்மபுரி மாவட்ட வாசகர்.

இந்தக் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. டேப்பட் சத்தம் போடும் எஞ்சினைவிட, இறுக்கி வைத்ததால் சத்தம் அடங்கிப்போன எஞ்சினுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஒற்றை சிலிண்டர் பைக் எஞ்சினின் தலையில் பெரும்பாலும் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு. மற்றொன்று புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வால்வு. ராக்கர் என்ற சிறு நெம்புகோல், வால்வின் தண்டை அழுத்தித் திறக்கிறது. ஸ்பிரிங் அதைத் திரும்ப மூடுகிறது. வால்வு மூடியிருக்கும்போது ராக்கரின் நுனிக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். இதைத்தான் டேப்பட் கிளியரன்ஸ் என்கிறோம். எஞ்சின் சூடானால் வால்வு தண்டு நீளும். அப்போதும் வால்வு முழுதாக மூடுவதற்காக விடப்படும் இடம் இது.

பராமரிக்காமல் விட்டால் இந்த இடைவெளி இரண்டு விதமாக மாறும். ராக்கர் நுனி, கேம் போன்ற பாகங்கள் தேய்ந்தால் இடைவெளி கூடும். ராக்கர் தண்டை மெதுவாகத் தொடுவதற்குப் பதிலாக, சுத்தியல்போல அடிக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 3,000 முறை திறந்து மூடும். அத்தனை அடியும் சேர்ந்ததுதான் அந்த ‘டிக் டிக்’. அதோடு, வால்வு தாமதமாகத் திறந்து, சீக்கிரமே மூடிவிடும். திறக்கும் அளவும் குறையும். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவதால் பிக்கப்பும் குறையும்.

இன்னொரு விதம், வால்வு உட்காரும் சீட் தேய்வது. அப்போது வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, இடைவெளி தானாகவே குறையும். எக்ஸாஸ்ட் வால்வில் இது அதிகம். இதில் சத்தமே வராது. இடைவெளி முழுதாகப் போய்விட்டால், வால்வு சீட்டில் சரியாக உட்காராமல் கம்ப்ரஷன் கசியும். எக்ஸாஸ்ட் வால்வின் சூடு, சீட்டைத் தொடும் நேரத்தில்தான் பெருமளவு இறங்குகிறது. தொடாவிட்டால் சூடு இறங்க வழியில்லாமல் வால்வின் விளிம்பு கருகும்.

வாசகரின் வண்டியில் நடந்ததும் இதுதான். சொசைட்டியிலிருந்து திரும்பும் வழியில், எஞ்சின் சூடாக இருந்தபோது, சத்தம் நிற்கும்வரை ஸ்குரூவைத் திருகியிருக்கிறார்கள். இப்போது எஞ்சினை ஓர் இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மெக்கானிக் ஒருவர் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தார். அந்த வண்டியின் கையேடு இரண்டு வால்வுகளுக்கும் 0.08 மி.மீ என்கிறது. இன்லெட்டில் 0.03 மி.மீ தகடுதான் நுழைந்தது. எக்ஸாஸ்ட்டில் அதுவும் நுழையவில்லை.

அவர் செய்த முறை இது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் எஞ்சினைச் சுற்றுவது எளிது. ஹெட்டில் உள்ள இரண்டு டேப்பட் மூடிகளையும், இடப்பக்கம் மேக்னெட் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் திறக்க வேண்டும். நடு ஓட்டை வழியே பாக்ஸ் ஸ்பானர் விட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மேக்னெட்டைச் சுற்ற வேண்டும். அதில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு கோடு வரும். அந்தக் கோடு கவரில் உள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும். பக்கத்திலேயே ‘எஃப்’ எழுத்தோடு வரும் கோடு ஸ்பார்க் நேரத்துக்கானது. அதில் நிறுத்தினால் தவறு.

‘டி’ குறி வந்தாலே போதாது. பிஸ்டன் மேலே வருவது இரண்டு முறை. அதில் கம்ப்ரஷனில் வரும்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். வழக்கமாக இரண்டு ராக்கரையும் விரலால் அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த வண்டியில் இடைவெளியே இல்லாததால் அந்தச் சோதனை உதவாது. அதனால், மெதுவாகச் சுற்றி, இன்லெட் ராக்கர் வால்வை அழுத்தி மேலே திரும்பிய பிறகு வரும் ‘டி’ குறியில் நிறுத்தினார். அதுதான் சரியான இடம்.

பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, 0.08 தகட்டை நடுவே விட்டு, ஸ்குரூவைத் திருகி அளவு வைத்தார். தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். 0.10 தகடு நுழையக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே திரும்பிவிடும் என்பதால், ஸ்குரூவைப் பிடித்துக்கொண்டே இறுக்கினார். இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்தார். அந்தக் கடைசி அளவுதான் கணக்கு. எக்ஸாஸ்ட்டில் முதல் முறை இறுக்கியதும் தகடு நுழையவில்லை. திரும்பத் தளர்த்தி வைத்த பிறகே சரியாக வந்தது.

மறுநாள் காலை, இரண்டாவது உதையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. இரண்டு கேனும் ஏற்றிக்கொண்டு மேட்டில் பழையபடி இழுத்தது. சீரான, மெல்லிய ‘டிக்’ சத்தம் மட்டும் கேட்கிறது. அது இருக்க வேண்டிய சத்தம். அதை அடக்குவதற்காகத் திருகக் கூடாது.

இந்த வண்டி இரண்டு மாதத்தில் தப்பித்தது. இடைவெளியைச் சரியாக வைத்த பிறகும் கிக்கர் லேசாகவே இறங்கி, கம்ப்ரஷன் எதிர்ப்பு தெரியவில்லை என்றால், வால்வு கருகியிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது ஹெட்டைக் கழற்றி, வால்வையும் சீட்டையும் பார்க்காமல் வேறு வழியில்லை. அதேபோல, அளவு சரியாக இருந்தும் சத்தம் ஓங்கிக் கேட்டால், ராக்கர் நுனியில் குழி விழுந்திருக்கலாம். தகடு அந்தக் குழியின் மேல் பாலம்போல நிற்பதால், உண்மையான இடைவெளி தகடு காட்டுவதைவிட அதிகமாக இருக்கும். அதற்கு ராக்கரைத்தான் மாற்ற வேண்டும். ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் கோளாறு. டேப்பட்டைத் தொட வேண்டியதில்லை.

இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகளில் இன்லெட்டுக்கு ஓர் அளவு, எக்ஸாஸ்ட்டுக்கு வேறு அளவு இருக்கும். கையேட்டில் உள்ள அளவு ஆறிய எஞ்சினுக்கானது. அதனால், டேப்பட் பார்ப்பதற்கு முதல் நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுவது நல்லது. காலையில் பால் ஊற்றிவிட்டு நேராகக் கொண்டுபோனால், காதால் கேட்டுத்தான் வைப்பார்கள். தகட்டால் அளக்க மாட்டார்கள்.