நன்றி சொல்லும் பாட்டு

 

எங்கள் தென்காசி வட்டாரத்து மஹல்லா ஒன்றில் மருத்துவப் பணியாளர்களைப் பாராட்ட ஒரு கூட்டம் ஏற்பாடாகிறது. மக்தபுப் பிள்ளைகள் பாட, எளிய பாட்டொன்று வேண்டுமெனக் கேட்டனர். எழுத உட்கார்ந்ததும் 2020-ஆம் ஆண்டே நினைவில் எழுந்தது.

அவ்வாண்டு மார்ச் 22 அன்று மாலை நாடெங்கும் மக்கள் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினர். நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் மறைந்தார். அவரை அடக்கம் செய்ய ஒரு கூட்டம் இடம் தர மறுத்து ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. ஓட்டுநரும் உடன் வந்தோரும் காயமுற்றனர். நள்ளிரவில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்ணைத் தள்ளிக் குழியை மூடும் நிலை வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யுமாறு செவிலியரை நெருக்கிய செய்திகளும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்தன. அம்மாதம் 22-ஆம் தேதி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க மத்திய அரசு அவசரச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. ஆகவே, நன்றிப் பாட்டில் புகழ்ச்சி மட்டும் போதாது. பாடுவோர் தரும் வாக்குறுதியும் இருக்க வேண்டும்.

இத்தகைய பாடல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. 'தெய்வமே', 'தியாகச் சுடரே' என்று தொடங்கிவிடுவார்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அது யாரையோ பாடுவதாகவே தோன்றும். அவர் செய்வது என்ன? புதன்கிழமை காலையில் பனிக்கட்டிப் பெட்டியில் தடுப்பு மருந்தை எடுத்துக் கொண்டு புறப்படுகிறார். இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிர் குலையாமல் தெருத்தெருவாகச் சென்று, மிஞ்சியதை மாலையில் சுகாதார நிலையத்தில் திருப்பி ஒப்படைக்கிறார். குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் தூறும் ஆனி, ஆடியிலும் அந்த நடை நிற்பதில்லை. இதைச் சொன்னால் போதும். தம்மைத்தான் பாடுகிறார்கள் என்று அவர் அறிந்து கொள்வார். பிள்ளைகள் அவரை அழைப்பது 'அக்கா' என்றுதான். பாட்டிலும் அதுவே இருக்கட்டும்.

இனி ஓசை. சிந்து வகையில் பாதி அடி முடிந்ததும் ஒரு தனிச்சொல் வரும். கீழே கோடிட்டுக் காட்டியிருப்பது அதுதான். அவ்விடத்தில் தஃப் ஒருமுறை ஓங்கி ஒலித்தால் பிள்ளைகள் மூச்சு வாங்கிக் கொள்வார்கள். கூட்டத்தாரும் உடன் சேர்வார்கள்.

நன்றி சொல்ல வந்தோம் – இன்று
நாங்கள் கூடி வந்தோம்
கண்விழித்துக் காத்த – உங்கள்
கைகள் வாழ்க என்போம்

சாரல் வீசும் நாளில் – தோளில்
தடுப்பு மருந்து தாங்கி
ஊரின் மூலை எல்லாம் – தேடி
ஓடி வந்த அக்கா!

நள்ளிரவில் அழைத்தால் – வண்டி
நாடி வந்து நிறுத்தி
பிள்ளை போலத் தூக்கி – எம்மைப்
பேணிச் சென்ற அண்ணா!

கூடம் எங்கும் கூட்டிக் – கறைகள்
குனிந்து நின்று துடைத்துப்
பாடு பட்ட கையைப் – பார்த்துப்
பணிவாய் நன்றி சொல்வோம்

நோயைத் தீர்ப்போன் இறைவன் – அதற்கு
நீங்கள் வழியாய் வந்தீர்
தாயைப் போல நின்றீர் – உங்கள்
தலைமுறையும் வாழ்க!

உங்கள் வாசல் ஒதுக்கோம் – என்றும்
ஒருசொல் கடிந்து சொல்லோம்
எங்கள் ஊரின் பிள்ளை – நீங்கள்
என்று நெஞ்சில் கொள்வோம்

முதற்பகுதியை ஒவ்வொன்றின் முடிவிலும் திரும்பப் பாட வேண்டும். முழுவதும் மூன்று நிமிடத்தில் முடியும். அதற்குமேல் நீட்டினால் மேடையிலுள்ளோர் கடிகாரம் பார்ப்பார்கள்.

துப்புரவுப் பணியாளரின் கண்ணியை நீக்கிவிட்டு மருத்துவருக்கு இன்னொன்று சேர்க்கச் சிலர் கேட்கக்கூடும். இசைய வேண்டாம். தொற்று நோயாளியின் படுக்கையையும் தரையையும் சுத்தம் செய்பவரும் மருத்துவரைப் போலவே நோயின் அருகில் நிற்கிறார். ஆனால் மேடைக்கு அழைப்பு அவருக்குத்தான் வருவதில்லை. பாடும்போது அவரும் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும்.

நோய் தீர்ப்பவன் அல்லாஹ் ஒருவனே. மனிதர்க்கு நன்றி செலுத்தாதவர் அவனுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். இவ்விரண்டையும் நான்காம் கண்ணி ஒன்றாய்ச் சொல்கிறது.

கடைசிக் கண்ணியைப் பிள்ளைகளோடு பெற்றோரும் எழுந்து நின்று பாட வேண்டும். வீடு வாடகைக்கு விடுவோரும், மையவாடிக்குப் பொறுப்பானோரும் அவர்களே அல்லவா? வாக்குறுதி தர வேண்டியவர்களும் அவர்களே.