திருத்திய வரைவோடு போகும் மின்னஞ்சலில் எதை முதலில் எழுதுவது?



ஒப்பந்த வரைவு ஒன்று சங்கத்துக்கு வருகிறது. நமது ஆட்கள் இரவு முழுக்க உட்கார்ந்து வாசித்து, சிவப்பில் அடித்து, பக்கத்தில் எழுதி, மறுநாள் காலை மின்னஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த மின்னஞ்சலில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "எங்கள் திருத்தங்களை இணைத்துள்ளோம், தயவுசெய்து பார்க்கவும்." நாற்பது திருத்தம் உள்ள வரைவை இப்படி அனுப்பினால், மறுபக்கம் முப்பத்தாறு சின்னத் திருத்தங்களை உடனே ஏற்றுக்கொள்ளும். "உங்கள் திருத்தங்களில் பெரும்பகுதியை ஏற்றுவிட்டோம்" என்று பதிலும் எழுதும். மிஞ்சிய நான்கில்தான் நம் கூலி இருக்கும்.

ஆகவே அந்த முகப்பு மின்னஞ்சலை வரைவைப் போலவே கவனமாக எழுத வேண்டும் என்பது என் கருத்து. எது உயிர்நாடி, எது பேசித் தீர்க்கக்கூடியது, எது வெறும் எழுத்துப் பிழை என்பதை அதில் பிரித்துச் சொல்ல வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதற்கு நமக்கெல்லாம் தெரிந்த இரண்டு கூட்டு ஒப்பந்தங்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 2016 ஒக்டோபரில் கைச்சாத்தானது. மற்றது 2019 ஜனவரியில் கைச்சாத்தானது.

2016 ஒப்பந்தத்தில் ஒரு நாள் சம்பளம் 730 ரூபாய் என்று சொன்னார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500. வரவுக்கான கொடுப்பனவு 60. உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. விலைப்பங்குக் கொடுப்பனவு 30. 2019இல் மொத்தம் 750 ஆனது. அடிப்படை 700, விலைப்பங்கு 50. வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் தனியாக இல்லை.

அந்த நாட்களில் கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எங்கு போனாலும் ஒரே கேள்விதான். "என்ன டீச்சர், இவ்வளவு போராடியது இருபது ரூபாய்க்கா?" ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்ற சனத்துக்கு அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் 500, 60, 140 மூன்றையும் கூட்டிப் பாருங்கள், சரியாக 700 வரும். முன்பு நிபந்தனையோடு கிடைத்த 200 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்குள் போய்விட்டது. மேலே கூடியது விலைப்பங்கின் 20 ரூபாய். மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது சின்னத் திருத்தம். வரைவுக்குள் போய்ப் பார்த்தால் இரண்டு ஒப்பந்தங்களுக்கும் இடையில் இதைவிடப் பெரிய மாற்றம் கிடையாது.

காரணத்தைக் கணக்கில் காட்டுகிறேன். சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். அது அடிப்படைச் சம்பளத்தின் மேல் கட்டப்பட்டது. 500க்கு 15 சதவீதம் என்றால் ஒரு பேருக்கு 75 ரூபாய், 700க்கு 105 ரூபாய். கையில் 20 ரூபாய் கூடிய அதே நாளில், கண்ணுக்குத் தெரியாமல் 30 ரூபாய் நம் பெயரில் கூடுகிறது. (நம் பங்கான 8 சதவீதமும் 40இலிருந்து 56 ஆகும் என்பதால், கைக்கு வருவது இன்னும் குறைவாகத்தான் தெரியும். சனத்தின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.)

சேவைக்காலப் பணத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாதச் சம்பளம் இல்லாத தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய விகிதத்தில் கணக்கிடப்படும். 25 வருடம் கொழுந்து பறித்த ஒரு அக்காவுக்கு 350 நாள் சம்பளம். 500 ரூபாய் என்றால் 175,000. 700 ரூபாய் என்றால் 245,000. எழுபதாயிரம் ரூபாய் வித்தியாசம். 200 ரூபாயைக் கொடுப்பனவு என்ற பெயரிலேயே விட்டிருந்தால் அந்த எழுபதாயிரம் அவருக்கு இல்லை. அதனால்தான் "கொடுப்பனவு" என்ற சொல் "அடிப்படைச் சம்பளம்" ஆவதும், அடிப்படைச் சம்பளம் கொடுப்பனவு ஆவதும் மின்னஞ்சலின் முதல் பந்தியில் வரவேண்டும் என்கிறேன். தொகை ஒன்றாகவே இருந்தாலும் அது முதல் பந்திக்குரிய விஷயம்.

அடுத்தது நோர்ம். 2016இல் நோர்ம் அளவுக்குக் கொழுந்து கொண்டு வந்தவருக்கே அந்த 140 ரூபாய். வராத நாளில், வரவுக் கொடுப்பனவும் இல்லாவிட்டால், அடிப்படையும் விலைப்பங்குமாக 530தான் மிஞ்சும். 140 ரூபாய் அடிப்படைக்குள் போனதும் நோர்ம் ஒழிந்தது என்று சிலர் நினைத்தார்கள். அது ஒழியவில்லை. கொடுப்பனவுக்குள் இருந்த நோர்ம் செக்ரோலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பதே அதன் புதிய முகம். முன்பு குறைந்தால் 140 போகும். இப்போது சம்பளத்தில் பாதியே போகிறது. வரைவில் ஒரு வாசகத்தை நீக்கும்போது, அந்த வாசகம் சுமந்த நிபந்தனை எங்கே போகிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். நோர்மை யார் தீர்மானிப்பது, மழை நாளிலும் புல் மண்டிய மலையிலும் அது எவ்வளவு, கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் போடலாமா கூடாதா என்ற மூன்று கேள்விகளுக்கும் வரைவில் பதில் இல்லையென்றால், அந்தப் பதிலைச் சேர்ப்பதுதான் நம் இரண்டாவது பெரிய திருத்தம். மறுபக்கம் எழுதியதை அடிப்பது எல்லோருக்கும் வரும். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்கத்தான் பழக வேண்டும்.

மூன்றாவது திகதி. 2013 ஒப்பந்தம் 2015 மார்ச் 31இல் முடிந்தது. அடுத்தது 2016 ஒக்டோபர் நடுவில்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் பதினெட்டரை மாதம், அதற்கு நிலுவை கிடைக்கவில்லை. அடிப்படைச் சம்பளம் 450இலிருந்து 500 ஆனதை மட்டும் எடுத்து, மாதம் 20 பேர் என்று வைத்துக்கொண்டால் 370 பேருக்கு 18,500 ரூபாய். "இவ்வொப்பந்தம் இத்திகதியிலிருந்து அமுலுக்கு வரும்" என்ற ஒற்றை வரியின் விலை அது. திகதி வரி எப்போதும் கடைசிப் பக்கத்தில் கிடக்கும். அதை வாசிக்கும்போது எல்லோருக்கும் களைப்பு வந்திருக்கும்.

இனி, அந்த மின்னஞ்சல் எப்படி இருக்கலாம்? பழகுவதற்காக நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். எந்தச் சங்கமும் அனுப்பியது அல்ல.

"ஐயா, வரைவு எங்கள் திருத்தங்களுடன் இணைக்கப்பட்டுள்ளது. இவற்றில் மூன்று எங்களுக்கு முக்கியமானவை. இவை தீராமல் நாங்கள் கையொப்பமிட முடியாது. முதலாவது, சம்பள வாசகம்: வரவுக்கும் உற்பத்திக்கும் தனியாகக் காட்டிய 200 ரூபாயை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துள்ளோம். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் அதன்மேல் கணக்கிடப்பட வேண்டும் என்பதே காரணம். இரண்டாவது, நோர்ம் குறித்துப் புதிய வாசகம் சேர்த்துள்ளோம். மூன்றாவது, அமுலாகும் திகதியை முந்திய ஒப்பந்தம் முடிந்த மறுநாள் என்று மாற்றியுள்ளோம். விலைப்பங்கின் தொகையும் மேலதிக கிலோவுக்கான தொகையும் பேசித் தீர்க்கக் கூடியவை. மற்றவை எழுத்துப்பிழை, வாசக இலக்கம், சங்கப் பெயரின் முழு வடிவம் ஆகியவை. அவற்றால் பொருள் மாறாது. திருத்தம் தெரியும் பிரதியும் சுத்தமான பிரதியும் இரண்டும் உள்ளன. வெள்ளிக்கிழமைக்குள் முதல் மூன்றுக்கும் பதில் தரவும்."

கவனியுங்கள், ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் காரணம் ஒரு வரியில் இருக்கிறது. காரணம் இல்லாத திருத்தத்தை மறுபக்க வழக்கறிஞர் சொல் விளையாட்டாக எடுத்துக்கொள்வார். "பேசித் தீர்க்கலாம்" என்று சொல்லும் பகுதியும் அவசியம். எல்லாமே முக்கியம் என்று எழுதினால் எதுவுமே முக்கியமில்லை என்றுதான் வாசிப்பார்கள். ஆனால் எவ்வளவு இறங்குவோம் என்ற தொகையை அங்கே எழுதக்கூடாது. அது நம் செயற்குழுவுக்குள் இருக்க வேண்டியது.

"சின்னது" என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. அந்த மாற்றத்தால் யாருடைய ஒரு நாள் சம்பளமாவது, ஒரு பேராவது, ஒரு திகதியாவது மாறுமா? மாறாது என்றால் சின்னது. வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு "கொடுக்க வேண்டும்", "கொடுக்கலாம்" இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கில வரைவில் "ஷல்" என்பது "மே" ஆகும்போதும் நடப்பது அதுதான். நான்கு எழுத்து மாற்றம்போலத் தெரியும், முதலாளியின் கடமை அவர் விருப்பமாகிவிடும். இதை எழுத்துத் திருத்தங்களோடு சேர்த்து அடுக்கி அனுப்புவார்கள். சில நேரம் வேண்டுமென்றே, சில நேரம் தெரியாமலே.

வரைவு திரும்பி வரும்போது சிவப்புக் கோட்டை மட்டும் நம்பவேண்டாம். Track Changes அணைக்கப்பட்டிருந்தால், செய்த மாற்றம் தடமே இல்லாமல் கறுப்பாகத்தான் இருக்கும். நாம் கடைசியாக அனுப்பிய கோப்பையும் வந்த கோப்பையும் Review பகுதியில் உள்ள Compare மூலம் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு காற்புள்ளி மாறியதும் தெரியும். இதற்கு நாம் அனுப்பிய ஒவ்வொரு பிரதியும் திகதியோடு நம்மிடம் இருக்க வேண்டும். அலுவலகக் கணினியில் ஒரே கோப்பின் மேலேயே எழுதி எழுதிச் சேமிக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

இன்னொன்றையும் வற்புறுத்துகிறேன். அந்த முகப்பு மின்னஞ்சலின் தமிழ்ப் பிரதி தோட்டக் கமிட்டிகளுக்கும் அதே நாளில் போகவேண்டும். முப்பது பக்க ஆங்கில வரைவைக் கொழுந்து மடுவத்தில் யாரும் வாசிக்கப் போவதில்லை. ஆனால் "இந்த மூன்றும் இல்லாமல் கையொப்பம் இல்லை" என்ற அரைப் பக்கத்தை வாசிப்பார்கள். கைச்சாத்தான பின் அந்த மூன்றும் எங்கே என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சில தலைவர்கள் வரைவை இரகசியம் என்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2021இலிருந்து நம் சம்பளத்தைக் கூட்டு ஒப்பந்தம் தீர்மானிப்பதில்லை. சம்பளச் சபையின் வர்த்தமானியே தீர்மானிக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு 900 ரூபாயும் வரவு செலவுத் திட்டப் படியான 100 ரூபாயும் அப்படித்தான் வந்தன. 2024இல் 1,350 ரூபாயும் அப்படியே. அதனால் வரைவு வாசிக்கும் வேலை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். இப்போது கம்பனிகள் முன்வைப்பது வருமானப் பங்கீட்டு முறை. தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்கு ஒரு பங்கு தருவது. அந்த உடன்படிக்கை சங்கத் தலைமையகத்துக்கு வராது. தோட்ட அலுவலகத்தில், தனித்தனிக் குடும்பத்திடம் கையொப்பம் கேட்பார்கள்.

அப்படி ஒரு தாள் வந்தால் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது முதற்பக்கத்தில் உங்களை என்ன பெயரால் குறித்திருக்கிறது என்பது. "தொழிலாளி" என்று இருக்கிறதா, "பங்காளர்", "வெளி உற்பத்தியாளர்" என்று இருக்கிறதா? தொழிலாளி இல்லையென்றால் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் மூன்றுமே கேள்விக்குறி. உரத்தின் விலையும் மருந்தின் விலையும் யார் கணக்கில் என்பது அதற்குப் பிறகு. கையொப்பம் போடாமல் தாளைப் படம் எடுத்து, உங்கள் கமிட்டித் தலைவரிடமோ தலைவியிடமோ கொடுங்கள். அதற்கும் நாம் திருத்தம் எழுதி அனுப்புவோம். அந்த மின்னஞ்சலின் முதல் வரியில் அந்த ஒற்றைச் சொல்தான் இருக்கும்.