கோடு நெருங்கினால் காற்று பலம் - அவ்வளவுதானா?

போன கிழமை ஒரு மாதிரி வினாத்தாள் கைக்கு வந்தது. "சமவமுக்கக் கோடுகள் நெருங்கியிருந்தால் காற்று பலம், விலகியிருந்தால் பலவீனம்" என்று எழுதினால் 2 புள்ளி. கேள்விக்குப் போட்டிருந்த படம் பிரித்தானியாவைச் சுற்றிய கடல். எங்கட தீவு அதில் இல்லவே இல்லை.

இதைத்தான் நாங்களும் வருசா வருசம் படிப்பிக்கிறோம். வசனம் பிழையில்லை, ஆனால் ஒரே படத்துக்குள், ஒரே அகலக்கோட்டில் ஒப்பிடும்போதுதான் சரி. 400 கிலோமீற்றருக்கு 4 ஹெக்டோபஸ்கால் வித்தியாசம் என்று எடுங்க. 50 பாகை வடக்கில் கணக்குப்படி காற்று மணிக்கு 27 கிலோமீற்றர் அளவில்தான். அதே இடைவெளியை மட்டக்களப்புப் பக்கம், 8 பாகையில் வைத்தால் அதே கணக்கு 150 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். காற்றைத் திருப்புகிற கொரியோலிஸ் விசை இங்கே பலவீனம், அமுக்கத்தின் தள்ளலைச் சமப்படுத்த காற்று அஞ்சு மடங்குக்கு மேல் வேகமாக ஓட வேண்டும். உண்மையில் அந்த 150 அப்படியே வீசாது. சமநிலை வரமுதலே காற்று கோட்டைக் குறுக்கே வெட்டி தாழமுக்கத்துக்குள் பாயும், தரை உராய்வும் பிடித்திழுக்கும். ஆனாலும் அங்கே சும்மா தென்றல் என்று வாசிக்கிற இடைவெளியை இங்கே அப்படி வாசிக்கவே ஏலாது.

சாதாரண நாளில் எங்கட பக்கம் அமுக்க வித்தியாசம் மிகச் சின்னது. 4 ஹெக்டோபஸ்காலுக்கு ஒரு கோடு கீறுகிற படத்தில் இலங்கையைச் சுற்றி ஒன்றோ இரண்டோ கோடுதான் விழும், சில நேரம் அதுவும் இல்லை. பிள்ளை அதைப் பார்த்து "கோடில்லை, ஆபத்தில்லை" என்று எழுதுது. சூறாவளியின் நெருக்கமான மையமோ சில பத்துக் கிலோமீற்றருக்குள் அடங்கும். பெரிய படத்தில் அது ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். 1978 நவம்பர் 23 மட்டக்களப்புத் தென்னைகளை முறித்துப் போட்டது அப்படியொரு வட்டம்.

மற்றது மழை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா, காற்றைப் பார்த்தால் பலவீனமான சூறாவளி. கோட்டை மட்டும் பார்த்தவர் நிம்மதியாகப் படுத்திருப்பார். அது மெதுவாக நகர்ந்தது, ஈரக்காற்று மலைநாட்டில் மோதி மேலெழுந்து கொட்டியது. 600க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலும் வெள்ளத்திலும் மண்சரிவிலும். கோடு காற்றைச் சொல்லும், எவ்வளவு மழை என்று சொல்லாது. அதற்கு செய்மதிப் படமும் தாழமுக்கம் நகர்கிற வேகமும் வேணும்.

வினாத்தாள் தயாரிக்கிறவங்களிடம் கேட்கிறோம்: அடுத்த முறை வங்காள விரிகுடாப் படத்தைப் போடுங்க. அளவுத்திட்டத்தைக் கொடுங்க. எத்தனை ஹெக்டோபஸ்காலுக்கு ஒரு கோடு என்று பிள்ளையைப் பார்க்க வையுங்க. அதுக்குப் பிறகு கேளுங்க, காற்று பலமா இல்லையா என்று.